அடுத்தவர் தளத்தில் எழுதும்போது

வாசகர்கள் அனுப்பும் கட்டுரைகளை வெளியிடும் இணையதளத்தின் ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்த கட்டுரையைத் திறந்ததும் என்ன செய்வார்? முதல் வரியைப் படிப்பார் என்று நினைப்போம். பலர் அப்படிச் செய்வதில்லை. சுட்டெலியை உருட்டிக்கொண்டே கீழே போய், நீல நிறத்தில் எங்கெங்கே லிங்க் இருக்கிறது, ஒவ்வொன்றும் எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்து படிக்கத் தொடங்குவார்கள். அந்த அரை நிமிடத்தில் பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடும்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. சொந்தமாக வலைப்பதிவு வைத்திருப்பவர் இன்னொருவரின் தளத்தில் விருந்தினராக எழுதுவது பழைய வழக்கம். அந்தத் தளத்துக்குச் செலவில்லாமல் ஒரு கட்டுரை கிடைக்கும், எழுதியவருக்குப் புது வாசகர்கள் கிடைப்பார்கள். இந்த எளிய கொடுக்கல் வாங்கலுக்குள் கூகுள் நுழைந்ததும் கணக்கு மாறியது. ஒரு தளத்துக்கு எத்தனை நல்ல தளங்கள் லிங்க் தருகின்றன என்பதையும் பார்த்துத்தான் கூகுள் தேடல் முடிவுகளில் அதை மேலே வைக்கிறது. ஆகவே லிங்குக்கு விலை வந்தது. கட்டுரை சாக்கு, லிங்க்தான் சரக்கு என்று ஆகிவிட்டது.

2005 ஜனவரியில் கூகுள் இதற்கு ஒரு தடுப்பு கொண்டுவந்தது. பின்னூட்டங்களில் குவியும் குப்பை லிங்குகளைச் சமாளிப்பதற்காக வந்தது அது. லிங்கின் நிரலில் nofollow என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், ‘இந்த லிங்குக்கு நான் சிபாரிசு செய்யவில்லை’ என்று கூகுளிடம் சொன்னதாகப் பொருள். வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சொடுக்கினால் வழக்கம்போலவே பக்கம் திறக்கும்.

```
<a href="https://example.com/uram" rel="nofollow">வீட்டு உரம்</a>
```

2014 ஜனவரியில் கூகுளின் குப்பைத் தடுப்புக் குழுவின் தலைவராக இருந்த மாட் கட்ஸ், தேடலில் மேலே வருவதற்காகவே எழுதப்படும் விருந்தினர் கட்டுரைகளின் காலம் முடிந்தது என்ற பொருளில் தன் வலைப்பதிவில் எழுதினார். வாசகர்களுக்காக எழுதப்படும் நல்ல விருந்தினர் கட்டுரைகளைத் தாம் குறை சொல்லவில்லை என்றும் அதன்பின் விளக்கினார். அதே மார்ச்சில், எழுதுபவர்களையும் வெளியிடுபவர்களையும் இணைத்துவந்த ‘மை பிளாக் கெஸ்ட்’ என்ற தளம் கூகுளின் தண்டனைக்கு உள்ளானது. 2019 செப்டம்பரில் காசு வாங்கிக்கொண்டு தரும் லிங்குக்கு sponsored என்றும், வாசகர்கள் தாங்களே இடும் லிங்குக்கு ugc என்றும் இரண்டு அடையாளங்கள் சேர்ந்தன. 2024-இல் இன்னொரு கெடுபிடி வந்தது. பேர்பெற்ற ஒரு தளத்தின் செல்வாக்கைப் பயன்படுத்தித் தேடலில் மேலே ஏறுவதற்காகவே வெளியார் எழுதி அதில் போடும் பக்கங்களும் விதிமீறல் என்றது கூகுள். விருந்தினர் கட்டுரைகள் எல்லாமே அதில் அடங்கிவிடாது. ஆனாலும் தன் தளத்துக்குச் சம்பந்தமில்லாத தலைப்பில் கட்டுரை வந்தால் ஆசிரியர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தளத்தின் ‘எழுதுபவர்களுக்கான விதிமுறைகள்’ பக்கம் கறாராக இருந்தால், அந்தத் தளம் முன்பு பட்ட பாடுதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ‘விற்பனைப் பக்கங்களுக்கு லிங்க் கூடாது’ என்று ஒரு விதி இருந்தால், யாரோ பலர் அதைச் செய்திருக்கிறார்கள். ‘ஏற்கெனவே வெளியான கட்டுரை வேண்டாம்’ என்றால், யாரோ ஒரே கட்டுரையைப் பத்து இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். விதியைப் படிக்கும்போது அது எதற்குப் பயப்படுகிறது என்று யோசித்தால், எழுதப்படாத விதிகளும் பிடிபடும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் மண்புழு உரமும் செடிப் பைகளும் விற்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தளத்தில் மாடித்தோட்டம் பற்றி எழுதிவருகிறார். சமையலறைக் கழிவில் உரம் தயாரிப்பது பற்றி 1,900 சொற்களில் ஒரு கட்டுரை எழுதி, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளுக்கான ஒரு தளத்துக்கு அனுப்ப நினைக்கிறார். கட்டுரையில் பிழை எதுவும் இல்லை. மொட்டை மாடியில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம், அடியில் செங்கல், மாட்டுச் சாணம் ஒரு கூடை, வேப்பம் புண்ணாக்கு, பிறகு மண்புழு என்று வரிசையாகப் போகிறது. ஒன்பது லிங்குகள் இருக்கின்றன.

இதை அப்படியே அனுப்பினால் திரும்பி வந்துவிடும். முதல் காரணம் வாசகர். அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் இருப்பவருக்கு மொட்டை மாடி அவருடையதல்ல. அங்கே டிரம் வைக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டும். சாணத்துக்கு அவர் எங்கே போவார்? அவரிடம் இருப்பது ஆறடி நீளமுள்ள ஒரு பால்கனி. அவருடைய கவலை மண்ணின் சத்து பற்றியதும் அல்ல. நாற்றம் வருமா, பழ ஈ மொய்க்குமா, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா என்பதுதான்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? விதிமுறைப் பக்கம் சொல்லாது. ‘எங்கள் வாசகர்கள் நகரவாசிகள்’ என்று ஒரு வரி இருந்தால் அதிகம். அந்தத் தளத்தில் கடைசியாக வந்த ஐந்தாறு கட்டுரைகளையும், அவற்றின் கீழே வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளையும் படித்தால் தெரிந்துவிடும். கூகுள் தேடலில் site: என்று தட்டி, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்து, பிறகு ‘உரம்’ என்று போட்டால் இந்தத் தலைப்பில் அங்கே முன்பே என்ன வந்திருக்கிறது என்பதும் வரும். நம் நண்பருக்கு இரண்டு கட்டுரைகள் கிடைக்கின்றன. ஒன்று குப்பையை ஏன் பிரிக்க வேண்டும் என்பது பற்றி. மற்றொன்று பால்கனிச் செடிகள் பற்றி. உரம் தயாரிப்பை யாரும் எழுதவில்லை. இவருடைய கட்டுரைக்கு இடம் இருக்கிறது, ஆனால் பிரிப்பது பற்றிய மூன்று பத்திகள் இனித் தேவையில்லை.

இப்போது கட்டுரையை உட்கார்ந்து மாற்ற வேண்டும். மாற்றுவது என்றால் ‘மாடி’ என்று வரும் இடத்தில் ‘பால்கனி’ என்று போடுவதல்ல. செய்முறையே மாறுகிறது. டிரம் போய், பெயின்ட் வந்த 20 லிட்டர் வாளி வருகிறது. நன்றாகக் கழுவி, பக்கங்களில் துளை போட்ட இரண்டு வாளிகள். ஒன்று நிரம்பியதும் அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கலாம். சாணத்துக்குப் பதிலாக ஒரு கை பழைய உரமோ கொஞ்சம் புளித்த மோரோ போதும். ஒரு கிண்ணம் காய்கறித் தோலுக்கு ஒன்றரை, இரண்டு கிண்ணம் காய்ந்த பொருள் வேண்டும்: தென்னை நார்க் கழிவு, சருகு, அதுவும் கிடைக்காவிட்டால் கிழித்த அட்டைப்பெட்டி. மண்புழு வேண்டாம், அது இல்லாமலே இரண்டு மூன்று மாதத்தில் மட்கிவிடும்.

பழைய கட்டுரையில் கடைசிப் பத்தியில் இரண்டே வரியாக இருந்த நாற்றம், இங்கே இரண்டாவது பத்திக்கு ஏற வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை என்று பொருள். காய்ந்ததைச் சேர்த்துக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கும். ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த பொருளை ஒரு விரற்கடை மூடிவிட்டால் ஈ குறையும். இந்த இரண்டு தகவலுக்காகத்தான் அந்தத் தளத்தின் வாசகர் கட்டுரையை முழுவதும் படிப்பார். 1,900 சொல்லாக இருந்தது 1,100-க்கு வந்துவிடுகிறது. தளத்தின் வரம்பு 1,200 என்றால் அதற்குள்ளேயே இருக்கிறது.

நடை விஷயத்தில் நீண்ட விளக்கம் தேவையில்லை, ஆனால் கவனம் தேவை. அந்தத் தளம் வாசகரை ‘நீங்கள்’ என்று அழைக்கிறதா, ‘நாம்’ என்று சேர்த்துக்கொள்கிறதா? ‘கம்போஸ்ட்’ என்று எழுதுகிறதா, ‘மட்கு உரம்’ என்கிறதா? துணைத்தலைப்பு எத்தனை பத்திக்கு ஒருமுறை வருகிறது? இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஒரே மூச்சில் திருத்திவிடலாம். தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதைத் தளத்தில் ஒட்டினால் தமிழ் தெரியாது, புரியாத ஆங்கில எழுத்துகளின் கூட்டம்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியபின் ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மாற்றும் கருவிகள் அங்கங்கே ஓர் எழுத்தைத் தின்றுவிடும்.

இனி லிங்குகள். தளத்தின் விதி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டுரைக்குள் எழுதியவரின் சொந்தத் தளத்துக்கு லிங்க் கூடாது. ஆதாரம் காட்ட வெளி லிங்க் இரண்டு வரை தரலாம். ஆசிரியர் அறிமுகத்தில் ஒரே ஒரு லிங்க், அதுவும் nofollow. இப்படிப்பட்ட விதி பல இடங்களில் இருக்கிறது. விதி எழுதப்படாத தளமாக இருந்தால், அங்கே முன்பு வந்த விருந்தினர் கட்டுரை ஒன்றைத் திறந்து, அறிமுகத்தில் உள்ள லிங்கின்மேல் வலது சொடுக்கில் Inspect கொடுத்துப் பார்க்கலாம். rel என்று தொடங்கும் பகுதியில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்களின் நடைமுறை. இரண்டு மூன்று கட்டுரைகளைப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

நம் நண்பரின் ஒன்பது லிங்குகளில் முதலாவது, முதல் பத்தியிலேயே அவருடைய தளத்தின் முகப்புக்குப் போகிறது. இரண்டும் மூன்றும் அவர் விற்கும் உரத்துக்கு. அதிலும் ‘கோவையில் சிறந்த மண்புழு உரம்’ என்ற சொற்களின்மேல் லிங்க் ஒட்டப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு தொடர் இயல்பான தமிழில் ஒரு வாக்கியத்துக்குள் வராது. தேடலில் யாராவது அப்படித் தட்டுவார்கள் என்று நினைத்து வைத்தது. விருந்தினர் கட்டுரைகளில் தேடலுக்காகவே செதுக்கிய சொற்களின்மேல் ஒட்டிய லிங்குகளைக் கூகுள் தன் விதிகளில் குப்பைக்கு உதாரணமாகவே சொல்லியிருக்கிறது. ஆசிரியருக்கு அந்த விதி தெரியாவிட்டாலும் கண்ணில் உறுத்தும். இந்த மூன்றும் போக வேண்டும்.

நான்காவது, அமேசானில் வாளி வாங்கும் லிங்க். யாராவது வாங்கினால் இவருக்குச் சிறு கமிஷன் வரும். இதைச் சொல்லாமல் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கண்டுபிடித்தால் ஆசிரியர் மற்ற எதையும் நம்பமாட்டார். ஐந்தாவது, இவரே எழுதிய பூச்சி விரட்டும் முறை பற்றிய கட்டுரைக்கு. இதுதான் கை வராத இடம். உண்மையிலேயே வாசகருக்குப் பயன்படும் கட்டுரை அது. ஆனால் விதி விதிதான். அதிலிருந்து தேவையான மூன்று வரியை இந்தக் கட்டுரைக்குள்ளேயே எழுதிவிட்டால் லிங்குக்கு வேலையில்லை. ‘மேலும் படிக்க இங்கே வாருங்கள்’ என்று வாசகரை இழுப்பதைவிட, வேண்டியதைக் கையில் கொடுத்துவிடுவது ஆசிரியருக்கும் பிடிக்கும்.

ஆறாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தகவல் தளத்தில் உரம் தயாரிப்பு பற்றிய பக்கம். ஏழாவது, திடக்கழிவு மேலாண்மை விதிகளின் அரசு ஆவணம். இரண்டும் இருக்கலாம். கட்டுரை சொல்வதை வாசகர் சரிபார்க்க உதவுபவை அவை. எட்டாவது அவருடைய யூடியூப் காணொளி. சொந்தத் தளம் இல்லையே என்று வாதாடலாம், ஆனால் அங்கே போனால் முதல் நிமிடமே உர விளம்பரம். எடுத்துவிடுவதே மேல். ஒன்பதாவது, அடுக்குமாடிவாசிகளுக்காகவே நடக்கும் இன்னொரு தளம். கட்டுரையை வெளியிடப்போகிறவரின் போட்டியாளர். நல்ல கட்டுரைதான், ஆனால் இது இடம் தெரியாமல் வைத்த லிங்க்.

ஒன்பதில் இரண்டு தப்பின. அதற்குப் பதிலாக இவர் புதிதாக இரண்டு சேர்க்கலாம்: முன்பு தேடிக் கண்டுபிடித்த அந்தத் தளத்தின் சொந்தக் கட்டுரைகளுக்கு. குப்பை பிரிப்பதைப் பற்றிய மூன்று பத்தியை வெட்டிய இடத்தில் ஒரு லிங்க், கடைசியில் உரத்தை எந்தச் செடிக்கு இடலாம் என்ற இடத்தில் இன்னொன்று. எழுதியவர் தளத்தைப் படித்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆசிரியர் வெளியிடும் நேரத்தில் தானே செய்ய வேண்டிய வேலையும் மிச்சம்.

லிங்குகளின் முகவரியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதற்காகச் சிலர் முகவரியின் வாலில் ?utm_source= என்று ஆரம்பித்து ஒரு நீண்ட தொடரைச் சேர்ப்பார்கள். பல தளங்கள் அதை வெட்டிவிடும். முகவரியைச் சுருக்கும் சேவைகளும் வேண்டாம், லிங்க் எங்கே போகும் என்று ஆசிரியருக்குத் தெரியாதபோது சந்தேகம்தான் வரும். கூகுள் டாக்ஸிலிருந்து நகலெடுக்கும்போது சில சமயம் முகவரிக்கு முன்னால் google.com/url?q= என்று ஒட்டிக்கொண்டு வரும். அதையும் எடுத்துவிட வேண்டும்.

மிஞ்சியது அறிமுகத்தில் உள்ள அந்த ஒரு லிங்க். அதை முகப்புப் பக்கத்துக்குக் கொடுத்து வீணாக்குபவர்கள் அதிகம். முகப்பில் என்ன இருக்கும்? உரப் பைகளின் விலைப்பட்டியல். பால்கனி வாளியைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர் அங்கே நிற்கமாட்டார். அதே பால்கனி உரத்தில் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஒரு பக்கத்தைத் தன் தளத்தில் தயார் செய்து, அதற்கு லிங்க் கொடுத்தால் வந்தவர் இருந்து படிப்பார். nofollow என்பதால் கூகுளிடம் பெரிதாக எதுவும் கிடைக்காது. 2019-க்குப் பிறகு கூகுள் அதைக் கட்டாயத் தடையாகக் கொள்ளாமல் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது என்றாலும், அதை நம்பி இறங்குவது வீண். வாசகர் வருவதுதான் கூலி. கூகுளின் மதிப்பெண் மட்டுமே வேண்டும் என்பவர் இந்தத் தளத்துக்கு எழுதாமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

அறிமுகத்தில் ‘உரத் தயாரிப்பாளர், விற்பனையாளர்’ என்று தொழிலை நேராகச் சொல்லிவிட வேண்டும். தான் விற்கும் பொருளைப் பற்றி எழுதும்போது அந்தத் தொடர்பை மறைப்பது நேர்மையல்ல. பணம் கொடுத்து வெளியிடும் கட்டுரை என்றால் இந்தப் பேச்சே வேறு. அதற்கு விளம்பரம் என்ற அடையாளமும், லிங்குக்கு sponsored என்ற குறியும் வேண்டும். பணமும் கொடுத்து, சாதாரண லிங்கும் வாங்கித் தருகிறேன் என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால், அவர் உங்கள் தளத்தையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார்.

கட்டுரையோடு போகும் கடிதம் சின்னதாக இருக்கலாம்:

“வணக்கம். பால்கனியில் 20 லிட்டர் வாளியில் நாற்றமில்லாமல் உரம் தயாரிப்பது பற்றிய கட்டுரையை இணைத்திருக்கிறேன், 1,100 சொற்கள். இதற்கு முன் எங்கும் வெளியானதல்ல. உள்ளே நான்கு லிங்குகள்: இரண்டு அரசு, பல்கலைக்கழக ஆதாரங்கள், இரண்டு உங்கள் தளத்தின் கட்டுரைகள். நான் மண்புழு உரம் விற்பவன், அறிமுகத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறேன். படங்கள் நானே எடுத்தவை, தனிக் கோப்பாக அனுப்புகிறேன்.”

ஆசிரியர் முதலில் தேடுவதை அவர் தேடும் முன்பே சொல்லிவிடுகிறது இந்தக் கடிதம். ‘முன்பு வெளியானதல்ல’ என்பதில் ஒரு நியாயமான கேள்வி எழலாம், மாடித்தோட்டக் கட்டுரை இவருடைய தளத்தில் ஏற்கெனவே இருந்தால்? செய்முறை, அளவு, வரிசை, சொற்கள் எல்லாமே மாறியிருந்தால் இது புதுக் கட்டுரைதான். பாதிப் பத்திகள் அப்படியே இருந்தால் அல்ல. சந்தேகம் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே மாதிரி இருக்கும் பத்திகளைத் திரும்ப எழுதிவிடலாம்.

பதில் எப்படி வருகிறது என்பதிலிருந்தும் எங்கே குறை என்று தெரியும். லிங்கை மட்டும் அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டால் கட்டுரை பிடித்திருக்கிறது, அதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். ‘எங்கள் வாசகர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்டால் வாசகரை நாம் சரியாகப் பிடிக்கவில்லை, லிங்கைத் திருத்தி அனுப்பிப் பயனில்லை. பதிலே வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் வேறு தளம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்த வேறு தளத்துக்காக மறுபடி முதலிலிருந்து மாற்ற வேண்டும்.

வெளிவந்த பிறகு செய்யக்கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. அறிமுக லிங்க் போகும் பக்கத்தை ஆறு மாதம் கழித்து விற்பனைப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது ஒன்று. ஆசிரியர் அதைப் பார்த்தால் லிங்க் மட்டுமல்ல, சில நேரம் கட்டுரையே போய்விடும். மற்றொன்று, அதே கட்டுரையை உடனே தன் தளத்திலும் போடுவது. விதியில் அனுமதி இருக்கிறதா, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடலாம். அனுமதித்தால், தன் பிரதியின் நிரலில் rel="canonical" என்று போட்டு அசல் அங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் யோஸ்ட் போன்ற ஒரு நீட்சியில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், முகவரியை அதில் ஒட்டினால் போதும்.